முதலிப்பட்டி, 2012: முதல் பொறிக்குப் பிறகு நடந்தது

2012 செப்டம்பர் 5, புதன்கிழமை. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. பட்டாசுத் தொழிலில் வேலை உச்சத்தில் இருக்கும் காலம். சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நண்பகல் வாக்கில் ஓர் அறையில் தீப்பிடித்தது. அங்கிருந்து மற்ற அறைகளுக்கும், மருந்தும் முடிந்த சரக்கும் வைத்திருந்த இடங்களுக்கும் தீ தாவியது. அடுத்தடுத்து வெடித்துக்கொண்டே இருந்ததால் தீயணைப்பு வண்டிகளால் வெகுநேரம் உள்ளே நெருங்க முடியவில்லை. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். பல அறைகள் அடித்தளம் மட்டும் மிஞ்சும்படி தரைமட்டமாயின.

இந்த விபத்தைப் பற்றி எழுதும்போது பலரும் தொடாமல் விடுகிற ஒரு செய்தி உண்டு. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதல் சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றவும் என்ன ஆனது என்று பார்க்கவும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள் அவர்கள். முதல் வெடிப்பு அவர்களை வரவழைத்தது. அடுத்து வந்த பெரிய வெடிப்பு அவர்களைக் கொன்றது. இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது. விதிமீறல்களுக்காக அந்த ஆலையின் உரிமத்தை வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ ஏற்கெனவே நிறுத்திவைத்திருந்தது. ஆனாலும் வேலை நடந்துகொண்டிருந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு விபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் ஒரு சொல் தவறாமல் வரும்: உராய்வு. "மருந்து கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அது பொய்யாக இருக்காது. ஆனால் அது முதல் அறைக்கு மட்டுமே விளக்கம். உராய்வால் ஓர் அறை வெடிக்கலாம். அந்த அறையில் இருந்தவர்கள் இறக்கலாம். அடுத்த பத்து அறைகள் ஏன் வெடித்தன, 2 பேர் இறக்க வேண்டிய இடத்தில் 20 பேர், 40 பேர் ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கு உராய்வு பதில் சொல்லாது. அந்தப் பதில் மூன்று இடங்களில் இருக்கிறது: அறையில் எத்தனை கிலோ மருந்து இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், அடுத்த அறை எவ்வளவு தள்ளி இருந்தது. முதலிப்பட்டியை இந்தக் கோணத்தில்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொறியை முற்றிலும் ஒழிக்க யாராலும் முடியாது. பொறி பறந்த பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் ஆலை கட்டும்போதும், காலையில் மருந்தை எடைபோடும்போதும் நாம் தீர்மானிக்கிறோம்.

முதலில் பொறியைப் பார்த்துவிடுவோம். சிவகாசி வெடிகளில் உள்ள மருந்து பெரும்பாலும் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பவுடர் ஆகிய மூன்றின் கலவை. தனித்தனியே இருக்கும்வரை மூன்றும் ஓரளவு அடங்கிய பொருள்கள்தாம். அவற்றை ஒன்றாக்கும் நேரமே ஆபத்தானது. கலவை அறையில் ஒருவர் சல்லடையின்மேல் பவுடரைக் கொட்டி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துத் தள்ளுகிறார். கீழே விரித்த தாளில் சாம்பல் நிறத்தில் மருந்து விழுகிறது. இரண்டு மூன்று முறை சலித்தால்தான் கலவை சீராகும். அந்த உள்ளங்கைக்கும் வலைக்கும் இடையில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால் போதும். மணல் மருந்தைவிடக் கடினமானது; அதன் கூர்முனையில் அழுத்தமும் சூடும் ஒரு புள்ளியில் குவிகின்றன. செருப்போடு மருந்து அறைக்குள் வரக் கூடாது என்பதும், ஒவ்வொரு பவுடரையும் கலப்பதற்கு முன்பே தனித்தனியாகச் சலித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இதனால்தான். கல்லையும் மண்ணையும் ஆபத்தில்லாத நிலையிலேயே வெளியேற்றிவிட வேண்டும். கலந்த பிறகு கண்ணில் படும் கல்லைத் தேடி எடுப்பது மிகவும் தாமதமான வேலை. இரும்புக் கரண்டி, இரும்பு ஆணி அடித்த பெட்டி ஆகியவற்றை விலக்கிப் பித்தளை, செம்பு, மரம் ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் இதே காரணத்தால் வந்தது.

உராய்வு கண்ணுக்குத் தெரிகிற எதிரி. நிலைமின்சாரம் அப்படியில்லை. பாலியஸ்டர் சேலையோ நைலான் துணியோ உடலோடு உரசும்போதும், பிளாஸ்டிக் வாளியிலிருந்து பவுடரைச் சாய்க்கும்போதும் மின்னேற்றம் சேர்கிறது. காற்று வறண்டிருந்தால் அது எங்கும் கசிந்து போகாமல் உடலிலேயே நிற்கும். நம் உடல் 10,000 வோல்ட் வரைகூட எளிதில் ஏறிவிடும். அந்த அளவில் உடலில் சேரும் ஆற்றல் ஏறக்குறைய 10 மில்லிஜூல். கேட்பதற்கு மிகச் சிறியது. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஜூல் அளவிலான பொறியையே நம் விரல் உணரத் தொடங்குகிறது. அதற்குக் கீழே நடப்பது நமக்குத் தெரியவே தெரியாது. மென்மையாக அரைத்த அலுமினியம் சேர்ந்த மருந்துத் தூசிக்கு, விரல் உணர்ந்தும் உணராமலும் போகிற சிறு பொறியே போதுமானதாகிவிடலாம். "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கவில்லையே" என்று ஒருவர் சொன்னால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த இடத்தில் பழைய அனுபவம் நம்மைத் தவறாக வழிநடத்தும். கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த பழைய கரிமருந்து, நிலைமின்சாரப் பொறியால் அவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளாது. அதோடு பல ஆண்டுகள் பழகியவர், "இத்தனை வருடமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை" என்று சொல்வது அந்த மருந்துக்கு உண்மையாகவே இருக்கலாம். அலுமினியம் சேர்ந்த மருந்துக்கு அந்த வாக்குமூலம் செல்லாது. பேன்சி ரகங்கள் பெருகிய பிறகு, பழைய கைப்பழக்கமும் புதிய மருந்தும் ஒரே அறையில் சந்திக்கின்றன.

இதற்கான தடுப்பு விலை அதிகமானது அல்ல. அறை வாசலில் எர்த் இணைப்புக் கொடுத்த செம்புத் தகடு இருக்க வேண்டும். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் வெறுங்கையால் அதைத் தொட்டுவிட்டு வர வேண்டும். தரையில் மின்சாரத்தைக் கடத்தும் ரப்பர் விரிப்பு வேண்டும். அதன்மேல் வெறுங்காலுடன் உட்கார வேண்டும். அதே விரிப்பின்மேல் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ போட்டு உட்கார்ந்தால் விரிப்புக்குச் செலவழித்த பணம் வீண். பருத்தி ஆடை கட்டாயம். மருந்து அறைக்குள் பிளாஸ்டிக் மக், வாளி, பை எதுவும் கூடாது. ஆலைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது செம்புத் தகட்டைத்தான். எல்லோரும் தொட்டால் அது தேய்ந்து பளபளக்கும். களிம்பு ஏறிப் பச்சையாகக் கிடந்தால், அதை ஆய்வாளருக்காக மட்டுமே மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஈரத்தையும் சொல்லாமல் விட முடியாது. அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்தில் ஈரம் புகுந்தால் உள்ளுக்குள் மெல்ல ஒரு வினை தொடங்கிச் சூடு உண்டாகும். சூடு வெளியேற வழியில்லாமல் குவியலாகக் கிடந்தால் வினை மேலும் வேகமெடுக்கும். இரவில் மிஞ்சிய மருந்தை மூடிவைத்துவிட்டு மறுநாள் காலையில் அறையைத் திறக்கும்போது அமோனியா வாடை, கழிவறையில் வருவது போன்ற நெடி, மூக்கில் ஏறினாலோ பாத்திரத்தின் வெளிப்புறம் வெதுவெதுப்பாக இருந்தாலோ அதுதான் அறிகுறி. உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். கிளறிப் பார்க்கக் கூடாது. ஈரமாகப் பிசையும் மருந்தில் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பது இந்த வினையை அடக்குவதற்காகத்தான். அன்றன்றைக்குக் கலந்த மருந்து அன்றன்றைக்கே தீர வேண்டும் என்பதற்கும் இதுவே அடிப்படை.

தீப்பெட்டி ஆலைகளில் கதை வேறு மாதிரி இருக்கும். குச்சியின் தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தே இருக்கின்றன. உராய்வில் இந்த ஜோடி மிகவும் கோபக்காரன் என்பதால்தான், குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருள்களைத் தயாரிக்க 1992இல் இந்திய அரசு தடை விதித்தது. தீக்குச்சித் தலைக்கு விலக்கு உண்டு. அங்கே அந்தக் கலவை பசையோடும் தண்ணீரோடும் கூழாக இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை அது ஏறக்குறைய சாது. குச்சிகளை முக்கும் தட்டின் விளிம்பில், சட்டத்தின் இடுக்கில், தரையில் சொட்டிக் காய்ந்துபோன பொருக்குதான் ஆபத்து. அதைக் காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் பூசும் மருந்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. அது குளோரேட்டைச் சந்தித்தால் லேசாகத் தொட்டாலே வெடிக்கும். ஆகவே தலை மருந்து தயாரிக்கும் இடமும் பக்க மருந்து தயாரிக்கும் இடமும், பாத்திரமும், தூரிகையும், துடைக்கும் துணியும், முடிந்தால் ஆளும்கூடத் தனித்தனியாக இருக்க வேண்டும். இந்தப் பிரிவினையைக் காப்பாற்றினால் தீப்பெட்டி ஆலையில் நடப்பது பெரும்பாலும் தீ விபத்து. பட்டாசு ஆலையில் நடப்பது போன்ற வெடிப்பு அங்கே அரிது. குச்சி அடைக்கும் பெண்களின் முன்னால் எவ்வளவு குச்சி குவிந்திருக்கிறது, கை எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, கதவை அடைத்துக்கொண்டு சரக்கு அடுக்கியிருக்கிறதா என்பவையே அங்கு உயிரைத் தீர்மானிக்கின்றன.

பட்டாசுக்குத் திரும்புவோம். அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? சில கிராம் மருந்தைத் திறந்த வெளியில் பற்றவைத்தால் 'குப்' என்று எரிந்து அடங்கும்; வெடிக்காது. அதே மருந்தைக் குவியலாக வைத்தால், மேலே உள்ள மருந்தே உள்ளே எரியும் மருந்துக்கு மூடியாகிவிடுகிறது. வாயு வெளியேறுவதற்குள் முழுதும் எரிந்து தீர்ந்துவிடும். காகிதக் குழாயோ திரியோ எதுவும் இல்லாமலேயே அந்தக் குவியல் வெடிகுண்டாகிறது. அதாவது மருந்து அதிகமாகும்போது ஆபத்தின் அளவு மட்டும் கூடவில்லை. ஆபத்தின் வகையே மாறுகிறது. தீக்காயத்தோடு ஒருவர் ஓடித் தப்பக்கூடிய விபத்து, கட்டடத்தையே தூக்கி எறிகிற விபத்தாக மாறிவிடுகிறது.

உரிமமும் அளவை ஒட்டியே பிரிகிறது. ஒரு நேரத்தில் 15 கிலோ வரை தயாரிக்க மாவட்ட நிர்வாகம் தரும் உரிமம். ஊரில் டிஆர்ஓ உரிமம் என்பார்கள். 500 கிலோ வரை என்றால் சென்னை பெசோ. அதற்கு மேல் நாக்பூர். பேச்சுவழக்கில் 'சென்னை உரிமம்', 'நாக்பூர் உரிமம்' என்றே சொல்வார்கள். இதைத் தவிர ஒவ்வோர் அறைக்கும் தனி வரம்பு உண்டு. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் கூடாது. அறைக்கு நாலா பக்கமும் கதவு இருக்கும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். 4 பேர், 4 வாசல்: எங்கு உட்கார்ந்திருந்தாலும் ஒரு வாசல் பக்கத்தில் இருக்கும், யாரும் யாரையும் இடித்துக்கொள்ளாமல் வெளியே போகலாம். அந்தக் கணக்கு 8 பேருக்குப் பொருந்தாது. இரண்டு வாசலில் சரக்கை அடுக்கிவிட்டால் 4 பேருக்கும் பொருந்தாது.

அளவு எப்படி மீறப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். மருந்து செலுத்தும் ஓர் அறைக்கு 5 கிலோ வரம்பு என்றும், அடுத்த அறை 9 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு குழாய்க்கு 10 கிராம் மருந்து. 5 கிலோவில் 500 குழாய் நிரம்பும். கூலி எண்ணிக்கைக் கணக்கில். எத்தனை குழாய் முடிகிறதோ அத்தனைக்குத்தான் காசு. 500 முடிந்ததும் ஒருவர் எழுந்து, கலவை அறைக்கு நடந்து, மருந்து வாங்கித் திரும்ப வேண்டும். முடிந்த குழாய்களை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டும் கூலி கிடைக்காத நேரம். மதியத்துக்குள் என்ன நடக்கிறது என்றால், நிரப்பிய குழாய்கள் எடுத்துச் செல்லப்படாமல் சுவரோரம் அடுக்கப்படுகின்றன. 1,500 குழாய் சேர்ந்துவிட்டால் அதில் மட்டும் 15 கிலோ மருந்து. தாளில் கொட்டியிருப்பது 5 கிலோ. அறையில் மொத்தம் 20 கிலோ.

மேற்பார்வையிடும் போர்மேன் வந்து பார்த்தால் தாளில் இருக்கும் 5 கிலோவைத்தான் பார்ப்பார். சரியாக இருக்கிறது என்று போய்விடுவார். குழாய்க்குள் போன மருந்தை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை; அதைச் சரக்கு என்கிறோம். தீக்கு அந்த வேறுபாடு தெரியாது. உண்மையில் குழாய்க்குள் இறுக அடைபட்ட மருந்து, தாளில் பரப்பிய மருந்தைவிட மோசமாக வெடிக்கும். இந்தத் தொழிலில் எனக்கு மிகுந்த கவலை தருகிற ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது தூரத்தைப் பார்ப்போம். வெடிப்பின் அழுத்த அலைக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது, மருந்தின் எடையின் கனமூலத்தை ஒட்டி வளர்கிறது. எடை எட்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 5 கிலோ 20 கிலோவாகிவிட்டது, நான்கு மடங்கு. நான்கின் கனமூலம் ஏறத்தாழ 1.6. ஆக 9 மீட்டர் போதாது; 14 மீட்டருக்கு மேல் வேண்டும். கட்டடம் நகர்ந்து போய் நிற்காது. எந்தச் சுவரையும் இடிக்காமல், எந்த அறையையும் புதிதாகக் கட்டாமல், வெறும் குழாய்களை அடுக்கிவைத்தே இரண்டு அறைகளையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக்கிவிட்டார்கள். வரைபடத்தில் 9 மீட்டர் இன்னும் 9 மீட்டராகவே இருக்கும். ஆய்வாளர் அளவுநாடா பிடித்து அளந்தாலும் சரியாக இருக்கும்.

கனமூலக் கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். எடையை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் பாதித் தூரம் போதும். இடம் இல்லை, நிலம் வாங்கப் பணமில்லை என்று சொல்லும் சிறிய ஆலைக்காரருக்குக் கையில் இருக்கும் ஒரே வழி மருந்தைக் குறைப்பதுதான். ஒரு நாளைக்கு ஒருமுறை கலப்பதற்குப் பதிலாகப் பல முறை, சிறிது சிறிதாகக் கலக்கலாம். நிரப்பிய குழாய்களை எடுத்துச் செல்வதற்கென்றே நாள் கூலிக்கு ஓர் ஆளைப் போடலாம். அவருடைய கூலி, ஓர் அறையைத் தள்ளிக் கட்டும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அழுத்த அலைக்கு விட்ட தூரம் பறக்கும் நெருப்புக்குப் போதாது என்பது அடுத்த சிக்கல். பேன்சி ரகங்களில் வானத்தில் வண்ணமாகச் சிதறும் மணி மருந்து ஈரமாகச் செய்யப்பட்டு மேடையில் வெயிலில் காய வைக்கப்படுகிறது. ஓர் அறை வெடிக்கும்போது எரியும் துண்டுகள் பல மீட்டர் தூரம் சிதறி விழுகின்றன. அவை வெறும் மண்ணில் விழுந்தால் அங்கேயே அணையும். காய வைத்த மணி மருந்தின் மேலோ, இரண்டு அறைகளுக்கு நடுவில் அடுக்கிய சரக்கின் மேலோ விழுந்தால், அந்த 9 மீட்டர் இடைவெளி நெருப்பு நடந்து போகும் பாதையாகிவிடுகிறது. இடைவெளி என்றால் அங்கே எதுவும் இருக்கக் கூடாது, காய்ந்த புல்லும்கூட. மரத்தடியில் நிழல் கிடைக்கிறதென்று அங்கே உட்கார்ந்து வேலை செய்வது சீசனில் சாதாரணமாகக் காணும் காட்சி. அறைக்குள் புழுக்கம் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த மரத்தடி இரண்டு அறைகளுக்கு இடையே போட்ட பாலம். ஓர் அறையின் கதவுக்கு நேர் எதிரே இன்னோர் அறையின் கதவு வரக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்: வெடிப்பு சுவரைவிட வாசல் வழியாகவே முதலில் வெளியேறும்.

முதலிப்பட்டியில் ஓர் அறையின் தீ ஆலை முழுவதற்கும் பரவியதை இந்தச் சங்கிலியில் வைத்துப் பார்த்தால் விளங்கும். சீசன் உச்சம், மருந்தும் முடிந்த சரக்கும் தேங்கி நின்றன, ஒவ்வோர் அறையும் அடுத்த அறையை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு நிரம்பியிருந்தது. வரம்புக்குள் இருந்திருந்தால் முதல் அறையோடு நின்றிருக்க வேண்டிய விபத்து அது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிப்பிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் வெவ்வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தன என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. அளவைப் பற்றிப் பேசும்போது உள்குத்தகையைச் சட்டச் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது. ஐந்து பேர் ஐந்தைந்து அறைகளை எடுத்து நடத்தினால், ஒவ்வொருவருக்கும் தன் அறைகளில் உள்ள மருந்து மட்டுமே தெரியும். ஆலை முழுவதும் இந்த நிமிடம் எத்தனை கிலோ இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் எவரும் இருக்க மாட்டார். கலவை அறை ஒருவரிடம், பக்கத்து அறை இன்னொருவரிடம் என்றால், 'உன் சரக்கை எடு' என்று சொல்லும் அதிகாரமும் யாருக்கும் கிடையாது. குத்தகைக்காரருக்கு அந்த நிலம் ஒரு சீசனுக்கு மட்டும்தான். செம்புத் தகடு மாட்டவோ விரிப்பு வாங்கவோ அவருக்கு என்ன அக்கறை இருக்கும்?

ஆய்வுக்குப் போகிறவர், வேலைக்குச் சேரும் பெண், அவரை அழைத்துவரும் வேன் ஓட்டுநர் என யார் வேண்டுமானாலும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. அறையின் சுவர் மேட்டிலும் கூரைச் சட்டத்திலும் வெள்ளி நிறத்தில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் எழுதினால் எழுத்துத் தெரிகிற அளவுக்குப் படிந்திருந்தால், அந்த அறை பல நாளாக ஈரத் துணியால் துடைக்கப்படவில்லை. ஓர் இடத்தில் பிடித்த தீ அந்தத் தூசி வழியே அறை முழுவதும் ஓடும். வாசலில் இருக்கும் பலகையில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். உள்ளே தலைகளை எண்ணுங்கள். சுவரோரம் நிரப்பிய குழாய்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தால், கிலோக் கணக்கு எப்போதோ தவறிவிட்டது. நான்கு கதவில் எத்தனை திறக்கிறது என்று தள்ளிப் பாருங்கள்.

கடைசியாக, முதலிப்பட்டியில் அதிக உயிரைக் குடித்த பகுதி: முதல் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரம். இது நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. தீயணைப்பு வீரர்கள் அருகிலேயே நின்று போராடினார்கள். பிறகு வந்த பெருவெடிப்பில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். உரிமத்தில் சொல்லப்பட்ட வகையைவிட வீரியமான சரக்கு உள்ளே இருந்ததும், அது வீரர்களுக்குத் தெரியாமல் இருந்ததும் பின்னர் விசாரணையில் வந்தன.

பட்டாசு ஆலையில் முதல் வெடிச்சத்தம் கேட்டால், அடுத்தது வரும் என்று எடுத்துக்கொள்வதே சரி. உள்ளே இருப்பவர்கள் ஆலையின் எல்லைக்கு வெளியே, காற்று வரும் திசையில், முன்பே குறித்துவைத்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காயம்பட்டவர் கண்முன்னே கிடக்கும்போது இதைச் சொல்வது கொடுமையாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த ஊர்களில் உள்ளே இருப்பவர் அநேகமாக ஓடி வருபவரின் அக்காவோ மகளோதான். அதனால்தான் இதை அன்றைக்குச் சொல்லிப் பயனில்லை. சுற்றியுள்ள ஊர்களில் சீசனுக்கு முன்பே, வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்: எந்தச் சாலையில் நிற்கலாம், எதைத் தாண்டக் கூடாது, யாரிடம் விசாரிக்கலாம் என்று. காலையில் யார் யார் எந்த அறைக்குப் போனார்கள் என்ற வருகைப் பதிவேடு வாசலில், மருந்து அறைகளிலிருந்து தள்ளியுள்ள காவலாளி அறையில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இருந்தால் "உள்ளே யாராவது இருக்கிறார்களா" என்று பார்க்க ஒருவரும் உள்ளே போகத் தேவையில்லை. வெளியே நிற்பவர்களின் பெயரைக் கூப்பிட்டாலே தெரிந்துவிடும். அதே அறையில் ஆலையின் வரைபடமும், ஒவ்வோர் அறையிலும் என்ன மருந்து, எவ்வளவு என்று அன்று காலை எழுதிய சீட்டும் இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் நிமிடத்தில், எதை அணைக்கலாம், எதை எரிந்து தீரவிட்டுப் பின்வாங்க வேண்டும் என்று அந்த அலுவலர் முடிவெடுப்பது அந்த ஒரு சீட்டை வைத்துத்தான்.